கைப்பிடியில் ஒரு சுற்று, மோட்டாரில் 36: கூட்டுப் பற்சக்கரக் கணக்கு

கைப்பிடியைச் சுற்றி மின்சாரம் எடுக்கும் சின்ன ஜெனரேட்டர் என்று பேச்சு வந்தாலே இரண்டு கருத்துகள் தவறாமல் வந்துவிடும். "கியர் போட்டா கரண்டு கூடும்" என்பது ஒன்று. "எத்தனை கியரை வரிசையா வைக்கிறோமோ அத்தனை மடங்கு வேகம் ஏறும்" என்பது இன்னொன்று. முதலாவது பாதி உண்மை, மீதிப் பாதியில்தான் ஃப்ரீ எனர்ஜி வீடியோக்கள் பிழைப்பு நடத்துகின்றன. இரண்டாவது முழுத் தப்பு. அதை நம்பி கடையில் கைநிறைய கியர் வாங்கி வந்து ஒரு பலகையில் வரிசையாகப் பொருத்தி, விளக்கு எரியவில்லையே என்று உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர்.

ஒரே ஒரு ஜெனரேட்டரை எடுத்துக்கொண்டு கணக்கைக் கடைசிவரை போட்டுப் பார்த்துவிடலாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

## கை மெதுவானது, மோட்டார் வேகமானது

கைப்பிடியை நொடிக்கு ஒரு சுற்று, அதாவது நிமிடத்துக்கு 60 சுற்று என்ற வேகத்தில் சிரமமில்லாமல் சுற்றலாம். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதைத்தான் ஆர்பிஎம் என்கிறார்கள். முக்கி முனகினால் 100, 120 வரை போகலாம், ஆனால் சீக்கிரமே தோள் வலிக்கும். அதனால் நம் கணக்குக்கு 60 ஆர்பிஎம்.

மின்சாரம் தருவதற்கு பொம்மை காரிலும் பழைய பிரிண்டரிலும் இருக்கிற மாதிரி காந்தம் வைத்த சின்ன டிசி மோட்டாரை எடுத்துக்கொள்வோம். இதற்கு மின்சாரம் கொடுத்தால் சுற்றும். நாம் சுற்றினால் மின்சாரம் கொடுக்கும். அதன் வோல்டேஜ் சுற்றும் வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும், வேகம் இரண்டு மடங்கானால் வோல்டேஜும் இரண்டு மடங்கு.

நம் மோட்டார், 12 வோல்ட் கொடுத்தால் சுமையில்லாமல் ஏறக்குறைய 3000 ஆர்பிஎம் ஓடக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நாம் அதை 3000 ஆர்பிஎம்மில் சுற்றினால் சுமாராக 12 வோல்ட் கிடைக்கும். ஒரு வோல்ட்டுக்கு 250 ஆர்பிஎம்.

இப்போது கைப்பிடியை நேரே மோட்டார் தண்டில் மாட்டி 60 ஆர்பிஎம்மில் சுற்றினால்?

60 ÷ 250 = 0.24 வோல்ட்

வெள்ளை எல்இடி ஒன்று எரியவே ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். ஆக, எவ்வளவு பலமாகப் பிடித்துச் சுற்றினாலும் பயனில்லை. பலம் நம்மிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது, வேகம்தான் இல்லை.

## சைக்கிளில் நடப்பது

வழக்கமான பழைய மாடல் சைக்கிளில் பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தில் 44 பல், பின்சக்கரத்தின் ஃப்ரீவீலில் 18 பல் இருக்கும். பெடலை ஒரு சுற்று சுற்றினால் செயினின் 44 கண்ணிகள் நகரும். அந்த 44 கண்ணிகளும் பின்னால் 18 பல் உள்ள சக்கரத்தின் மேல் ஓடியாக வேண்டும். ஒரு சுற்றுக்கு 18 போதும் என்பதால் அது 44 ÷ 18 = 2.44 சுற்று சுற்றிவிடும்.

இந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. பின்சக்கரம் 2.44 மடங்கு வேகமாகச் சுற்றும்போது, அதைத் திருப்பும் பலம் 2.44ல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மேட்டில் ஏறும்போது இந்த விலையை நம் கால் கட்டுகிறது.

திருப்பும் பலத்துக்கு முறுக்கு விசை என்று பெயர். தள்ளும் விசையையும், தண்டிலிருந்து தள்ளும் இடம் வரை உள்ள நீளத்தையும் பெருக்கினால் அது கிடைக்கும். 10 செ.மீ. நீளக் கைப்பிடியின் நுனியில் 10 நியூட்டன் விசையில் (ஏறக்குறைய ஒரு கிலோ எடை) தள்ளினால், 10 × 0.1 = 1 நியூட்டன் மீட்டர்.

செயினை எடுத்துவிட்டு இரண்டு பற்சக்கரங்களை நேராகக் கோத்தாலும் கணக்கு இதேதான். சுற்றும் திசை மட்டும் எதிர்ப்பக்கமாக மாறும். எந்தச் சக்கரம் தள்ளுகிறதோ அது ஓட்டும் சக்கரம், தள்ளப்படுவது ஓடும் சக்கரம்.

வேக ஏற்றம் = ஓட்டும் சக்கரத்தின் பற்கள் ÷ ஓடும் சக்கரத்தின் பற்கள்

இதுவரை: பெரிய சக்கரம் சின்னதை ஓட்டினால் வேகம் ஏறும், ஏறிய அளவுக்கு முறுக்கு விசை இறங்கும். இரண்டும் சேர்ந்து ஏறுவது கிடையாது.

## ஒரே ஜோடியில் ஏன் முடிவதில்லை

நமக்கு 6 வோல்ட்டில் அரை ஆம்பியர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நல்ல எல்இடி விளக்குக்கு இது தாராளம்.

6 வோல்ட்டுக்கு 6 × 250 = 1500 ஆர்பிஎம் போதும் என்று தோன்றும். போதாது. மோட்டாரின் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளுக்கு மின்தடை உண்டு. அது 4 ஓம் என்றால், அரை ஆம்பியர் ஓடும்போது 0.5 × 4 = 2 வோல்ட் உள்ளேயே போய்விடும். ஆகவே உள்ளே 8 வோல்ட் உண்டானால்தான் வெளியே 6 வரும். மீட்டரை வைத்துப் பார்க்கும்போது சரியாகக் காட்டிய வோல்டேஜ் விளக்கை மாட்டியதும் படுத்துவிடுவதற்கு இதுதான் காரணம்.

8 × 250 = 2000 ஆர்பிஎம்
2000 ÷ 60 = 33.3 மடங்கு

கொஞ்சம் கூடுதலாக 36 மடங்கு என்று வைத்துக்கொள்வோம், பெருக்க வசதியான எண்.

மோட்டார் தண்டில் மாட்டும் சின்னப் பற்சக்கரத்துக்குப் பினியன் என்று பெயர். அதில் 12 பல் இருக்கட்டும். இன்னும் குறைத்துக்கொண்டே போனால் பல்லின் அடிப்பகுதி மெலிந்து பலவீனமாகிவிடும். அப்படியானால் ஓட்டும் சக்கரத்தில் 12 × 36 = 432 பல் வேண்டும்.

அது எவ்வளவு பெரிது? பல்லின் அளவை மாட்யூல் என்ற எண்ணால் சொல்வார்கள். மாட்யூலைப் பற்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் சக்கரத்தின் விட்டம் மில்லிமீட்டரில் வரும். (பற்கள் ஒன்றோடொன்று உரசும் வட்டத்தின் விட்டம் அது. பல்நுனி வரை அளந்தால் சற்று அதிகம் இருக்கும்.) மாட்யூல் 1 என்று எடுத்துக்கொண்டால் கணக்கே வேண்டாம்: 12 பல் என்றால் 12 மி.மீ., 432 பல் என்றால் 432 மி.மீ. ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. கைவிளக்கு செய்யப் போய் மாட்டுவண்டிச் சக்கரம் செய்த கதையாகிவிடும்.

## வரிசையாக வைத்தால் என்ன?

பலரும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். 72 பல் சக்கரம், அதை அடுத்து 30 பல், அதை அடுத்து 12 பல் என்று ஒவ்வொரு தண்டிலும் ஒரு சக்கரமாக வரிசையில் வைக்கிறோம். மூன்று சக்கரம் இருப்பதால் வேகம் இரண்டு தடவை ஏறுகிற மாதிரி தெரியும். இரண்டு சக்கரங்கள் கோத்து நிற்கும் இடத்தைக் கோப்பு என்று சொல்வோம்.

முதல் கோப்பு: 72 ÷ 30 = 2.4
இரண்டாவது கோப்பு: 30 ÷ 12 = 2.5
மொத்தம்: 2.4 × 2.5 = 6

நடுச் சக்கரமே இல்லாமல் 72ஐயும் 12ஐயும் நேராகக் கோத்தால்? 72 ÷ 12 = 6. அதே ஆறுதான்.

30 பல் சக்கரத்தின் ஒரு பக்கம் வாங்குகிற பற்களை அப்படியே மறுபக்கம் கொடுத்துவிடுகிறது. கணக்கில் மேலேயும் கீழேயும் அந்த 30 வந்து அடிபட்டுப் போகிறது. நடுவில் 30க்குப் பதில் 20 வைத்தாலும் 50 வைத்தாலும், ஒன்றுக்குப் பத்தாக வைத்தாலும் விடை மாறாது. இப்படி நடுவில் நிற்பதற்கு ஐட்லர் என்று பெயர். தூரத்தை நிரப்பவும் திசையை மாற்றவும் அது உதவும். வேகத்தில் அதற்குப் பங்கில்லை, உராய்வில் மட்டும் பங்கு கேட்கும்.

## ஒரே தண்டில் இரண்டு சக்கரம்

நடுத் தண்டில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு சக்கரங்களை, ஒன்று சுற்றினால் மற்றதும் சேர்ந்து சுற்றும்படி இறுக்கிப் பொருத்தினால் நிலைமை மாறிவிடும். ஒன்று சின்னது, ஒன்று பெரியது. வேகத்தைச் சின்னது வாங்கிக்கொள்ளும், பெரியது அதை அடுத்தவருக்குக் கொடுக்கும். இதுதான் கூட்டுப் பற்சக்கரத் தொடர்.

நம் ஜெனரேட்டரில் மூன்று தண்டுகள்:

கைப்பிடித் தண்டில் 72 பல்.
நடுத் தண்டில் 12 பல் பினியனும் 72 பல் சக்கரமும்.
மோட்டார் தண்டில் 12 பல் பினியன்.

கைப்பிடியை ஒரு சுற்று சுற்றுங்கள். 72 பற்கள் நகர்கின்றன. நடுத் தண்டின் 12 பல் பினியன் 72 ÷ 12 = 6 சுற்று சுற்றுகிறது. அதோடு ஒட்டியிருக்கும் பெரிய சக்கரமும் வேறு வழியில்லாமல் 6 சுற்று சுற்றுகிறது. அதில் 72 பல் இருப்பதால் 6 × 72 = 432 பற்கள் மோட்டார் பினியனைக் கடந்து போகின்றன. அதற்கு 12 பல்தான், ஆகவே 432 ÷ 12 = 36 சுற்று.

அந்த 432 மறுபடி வந்துவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். ஒன்றரை அடிச் சக்கரம் செய்ய வேண்டிய அதே வேலையை 72 மி.மீ. சக்கரங்கள் இரண்டு செய்துவிட்டன. நூல் நூற்கும் பெட்டி ராட்டையிலும் இதே ஏற்பாடுதான். பல்லுக்குப் பதில் கயிறு, கதிர் வேகமாகச் சுற்றுவதற்காகப் பெட்டிக்குள் இரண்டு சக்கரம்.

வேகங்களை எழுதினால்:

கைப்பிடி: 60 ஆர்பிஎம்
நடுத் தண்டு: 60 × 6 = 360 ஆர்பிஎம்
மோட்டார்: 360 × 6 = 2160 ஆர்பிஎம்
உள்ளே உண்டாகும் வோல்டேஜ்: 2160 ÷ 250 = 8.64

அரை ஆம்பியர் எடுத்தால் 2 வோல்ட் உள்ளே போக, வெளியே 6.64 வோல்ட். நமக்குத் தேவையானது வந்துவிட்டது.

ஆறும் ஆறும் பன்னிரண்டு என்று கூட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு ஜோடியின் ஏற்றத்தையும் பெருக்க வேண்டும். பொதுவாக எழுதினால், ஓட்டும் சக்கரங்களின் பற்களையெல்லாம் பெருக்கி, ஓடும் சக்கரங்களின் பற்களைப் பெருக்கி வந்ததால் வகுக்க வேண்டும்: (72 × 72) ÷ (12 × 12) = 36.

36ஐ 9 × 4 என்றும் பிரிக்கலாம். ஆனால் 9 மடங்குக்கு 108 பல் சக்கரம் வேண்டும், பெட்டி பெரிதாகும். சமமாகப் பிரித்தால் பெரிய சக்கரம் கூடியவரை சின்னதாக இருக்கும்.

## கைப்பிடி எவ்வளவு கனக்கும்?

வேகம் வந்துவிட்டது, விலையைப் பார்க்கலாம். மோட்டாரிலிருந்து பின்னோக்கி வருவோம்.

விளக்குக்குப் போவது 6.64 × 0.5 = 3.32 வாட். கம்பிச் சுருள் சூடாவதில் 2 × 0.5 = 1 வாட். மோட்டாரின் பிரஷ், பேரிங் உராய்வுக்குச் சுமாராக 0.68 வாட் வைத்துக்கொள்வோம். மோட்டார் தண்டுக்கு வந்து சேர வேண்டியது 5 வாட்.

சாதாரண பிளாஸ்டிக் பற்சக்கரங்களில் ஒவ்வொரு கோப்பிலும் பத்தில் ஒரு பங்கு உராய்வில் போகிறது என்று வைத்தால், இரண்டு கோப்பைத் தாண்டி வருவது 0.9 × 0.9 = 0.81 பங்கு. எனவே கை கொடுக்க வேண்டியது 5 ÷ 0.81 = 6.17 வாட்.

நொடிக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் வாட்டை 6.28ஆல் வகுத்தால் முறுக்கு விசை கிடைக்கும். (ஒரு சுற்று என்பது 2 × 3.14 ரேடியன். அங்கிருந்து வரும் எண் இது.)

6.17 ÷ 6.28 = 0.98 நியூட்டன் மீட்டர்

கைப்பிடி 10 செ.மீ. நீளம் என்றால் நுனியில் 9.8 நியூட்டன், அதாவது ஒரு கிலோ எடை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்ட மாதிரி. பத்து நிமிடத்துக்குப் பரவாயில்லை, மணிக்கணக்கில் முடியாது.

இதுவரை: கை கொடுத்தது 6.17 வாட், விளக்குக்குப் போனது 3.32 வாட், பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். கியர் ஒரு வாட்கூடச் சேர்க்கவில்லை, தன் பங்குக்கு 1.17 வாட் எடுத்துக்கொண்டது. அது ஏற்றியது வேகத்தையும் அதன் வழியாக வோல்டேஜையும் மட்டும்தான்.

இந்த 3.32 வாட்டில் 15 வாட் மணி கொள்ளளவுள்ள ஒரு செல்போன் பேட்டரியை நிரப்பப் பார்த்தால் 15 ÷ 3.32, நாலரை மணி நேரம் விடாமல் சுற்ற வேண்டும். சார்ஜிங் இழப்பு வேறு தனி.

## விகிதத்தை இன்னும் ஏற்றினால்

சரி, 36க்குப் பதில் 72 மடங்கு வைத்தால் இரண்டு மடங்கு லாபம்தானே? அதே விளக்கு, அதே கை வேகம் என்றால் வோல்டேஜ் 17.28 ஆகும். வோல்டேஜ் இரட்டித்தால் அதே மின்தடையில் ஓடும் கரண்டும் இரட்டிக்கும், அரை ஆம்பியர் ஒரு ஆம்பியராகும். (எல்இடிக்குப் பதில் சாதாரண மின்தடையைச் சுமையாக வைத்தால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். எல்இடியில் கரண்டு இதைவிட வேகமாக ஏறும்.) இரண்டும் இரட்டிக்கும்போது சக்தி நான்கு மடங்கு. கை அதே வேகத்தில் சுற்றுவதால் கைப்பிடியின் கனமும் ஏறக்குறைய நான்கு மடங்கு, அதாவது நாலு கிலோ. 12 வோல்ட் மோட்டாருக்கும் அது நல்லதல்ல.

கைப்பிடி நகரவே மறுக்கிறது என்று புலம்புகிறவர்களின் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் விகிதம் தேவைக்கு மேல் ஏறியிருக்கும். இரண்டாவது ஜோடியின் 72ஐ எடுத்துவிட்டு 60 வைத்தால் 6 × 5 = 30 மடங்கு. (30 × 30) ÷ (36 × 36) கிட்டத்தட்ட 0.7, கனம் சுமார் முப்பது சதவீதம் குறையும்.

## எங்கே உடையும், எப்படித் தெரியும்?

இரண்டு கோப்பிலும் ஒரே மாதிரிப் பற்சக்கரம் போட்டாலும் இரண்டும் ஒரே பாரத்தைத் தாங்குவதில்லை. கைப்பிடித் தண்டின் 0.98 நியூட்டன் மீட்டரை 72 பல் சக்கரத்தின் ஆரமான 0.036 மீட்டரால் வகுத்தால், பல்லின் மேல் விழும் விசை 27 நியூட்டன். நடுத் தண்டுக்கு வரும்போது முறுக்கு விசை 0.98 ÷ 6 × 0.9 = 0.147 ஆகிவிடுகிறது, அதே 0.036ஆல் வகுத்தால் 4 நியூட்டன்தான். ஆகவே பல் உடைவது பெரும்பாலும் கைப்பிடிப் பக்கத்தில். அந்த ஜோடியை மட்டும் அகலமாகவோ உலோகத்திலோ போடுவது புத்திசாலித்தனம்.

வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சட்டென்று நிறுத்துவது இன்னும் மோசம். மோட்டாரின் சுழலும் பகுதி சின்னதுதான், ஆனால் அதன் ஓட்டத்தை நிறுத்துவதற்குக் கைப்பிடியில் தேவைப்படும் பலம் விகிதத்தின் வர்க்கப்படி ஏறும். 36 × 36 = 1296 மடங்கு. கைப்பிடியை நிறுத்தினாலும் மோட்டார் தானாகச் சுற்றி மெல்ல நிற்கும்படி, சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் ராட்செட் ஒன்றை வைப்பது இதற்காகத்தான்.

வேகமான பக்கத்தில் பிரச்சினை வேறு விதம். அங்கே ஏற்படும் சிறு உராய்வும் 36 ÷ 0.81, அதாவது 44 மடங்காகக் கைக்கு வந்து சேரும். வயரைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். சுமையே இல்லாமலும் கனமாக இருந்தால் பெரும்பாலும் மோட்டார் பினியன் பெரிய சக்கரத்தோடு ரொம்ப நெருங்கி நிற்கிறது. தண்டுகளுக்கு நடுவே இருக்க வேண்டிய தூரம் (72 + 12) ÷ 2 = 42 மி.மீ. அதைவிட ஒரு நூலிழை கூடுதலாக இருக்க வேண்டும். பற்களுக்கு நடுவே ஒரு காகிதத் துண்டைக் கொடுத்து நெருக்கி, மோட்டாரின் ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு, சக்கரத்தைச் சுற்றிக் காகிதத்தை எடுத்துவிட்டால் சரியான இடைவெளி வந்துவிடும்.

பல் உடைந்திருந்தால் எது என்று கண்டுபிடிக்கப் பெட்டியைப் பிரிக்கக்கூட வேண்டாம், காது போதும். கைப்பிடியை மெல்லச் சுற்றுங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு 'டக்' கேட்டால் கைப்பிடிச் சக்கரம். ஆறு 'டக்' என்றால் நடுத் தண்டில் இருப்பவற்றில் ஒன்று. எண்ணவே முடியாதபடி கரகரவென்று அரைத்தால் மோட்டார் பினியன், அது ஒரு சுற்றுக்கு 36 தடவை தட்டுகிறது.

சத்தமே இல்லாமல் கைப்பிடி திடீரென்று லேசாகி, விளக்கும் அணைந்து, வயரும் கழலாமல் இருந்தால் பல் உடையவில்லை, பெரும்பாலும் பினியன் தண்டின் மேல் வழுக்குகிறது. நடுத் தண்டின் இரண்டு சக்கரங்களும் சேர்ந்து சுற்றினால்தான் இது கூட்டுத் தொடர், அந்தப் பிடி விட்டுப்போனால் தொடரே அறுந்த மாதிரி. பினியனின் பக்கவாட்டிலிருந்து தண்டின் முனை வரை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, சுமையோடு நாலு சுற்று சுற்றிப் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் அங்கேதான் வழுக்கல். தண்டின் ஒரு பக்கத்தை அரத்தால் தட்டையாக ராவி, அந்தத் தட்டையின் மேல் பினியனைப் பிடித்து நிறுத்தும் சின்னத் திருகாணியான கிரப் ஸ்க்ரூவை இறுக்குங்கள். ஃபெவிக்விக் மட்டும் போட்டு ஒட்டினால் நடுத் தண்டில் நிறைய நாள் தாங்காது.